கிளை வாரியாக என்.பி.எஸ். போடுவது எப்படி: 0 முதல் 10 வரையான மதிப்பெண்ணிலிருந்து மாதப் போக்கு வரை

தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: "அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் நெட் புரோமோட்டர் ஸ்கோர், அதாவது என்.பி.எஸ்., அனுப்புங்கள்." எப்படி என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிளைகள் உள்ள ஒரு வீட்டுப் பாவனைப் பொருள் கடையில் இந்த வேலை என் தலையில் விழுந்தது. தவணைக்கு டிவி, குளிர்சாதனப்பெட்டி, தையல் இயந்திரம் விற்கும் கடை. சூத்திரத்தை ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். கஷ்டமெல்லாம் தாளில் வரும் பதிலைச் சரியாக எண்ணுவதிலும், 25 பேர் மட்டுமே பதில் சொன்ன சின்னக் கிளையின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தீர்மானிப்பதிலும்தான். அதனால் இந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்து எழுதுகிறேன். கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்ட மாதிரி எண்கள்.

1. முதலில் சூத்திரம்

வாடிக்கையாளரிடம் கேட்பது ஒரே கேள்வி: "எங்கள் கடையை உங்கள் உறவினருக்கோ நண்பருக்கோ பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லுங்கள்." 9, 10 சொன்னவர் புரோமோட்டர். 7, 8 சொன்னவர் பெசிவ். 0 முதல் 6 வரை சொன்னவர் எல்லோரும் டிட்ராக்டர். புரோமோட்டர் வீதத்திலிருந்து டிட்ராக்டர் வீதத்தைக் கழித்தால் என்.பி.எஸ். கிடைக்கும். அது −100இலிருந்து +100 வரை எங்கும் நிற்கலாம். அதற்குப் பின்னால் % குறி போடக்கூடாது, +35 என்று மட்டும் எழுத வேண்டும்.

பெசிவ் ஆட்களைக் கணக்கிலிருந்தே தூக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது பிழை. அவர்கள் கழித்தலில் வரமாட்டார்கள், ஆனால் மொத்தத் தொகையில் கட்டாயம் இருக்க வேண்டும். 60 பேரில் 27 புரோமோட்டர், 15 பெசிவ், 18 டிட்ராக்டர் என்றால் விடை 9ஐ 60ஆல் வகுத்து +15. பெசிவை விட்டுவிட்டு 45ஆல் வகுத்தால் +20 வந்துவிடும்.

2. தேவையான ஆவணங்கள்

வேலையைத் தொடங்க முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

- ஒவ்வொரு கிளையிலும் மாதம் எத்தனை பில் போடப்பட்டது என்ற பட்டியல். காசாளரிடம் கேட்டால் கிடைக்கும்.
- கேள்வித் தாளின் இறுதி வடிவம். தமிழும் சிங்களமும் தேவை. அம்பாறை நகரப் பக்கம் கிளை இருந்தால் சிங்களம் இல்லாமல் சரிவராது.
- கிளைக் குறியீட்டுப் பட்டியல். இது ஏன் என்று 4ஆம் படியில் சொல்கிறேன்.
- ஒரு பக்கத்தில் விதிகள்: யார் கேட்பது, எப்போது கேட்பது, எந்தத் திகதியோடு மாதக் கணக்கை மூடுவது.

பில் பட்டியலைக் கேட்டால் சில முகாமையாளர்கள் "அது எதுக்கு?" என்பார்கள். 400 பில் போட்ட கிளையில் 25 பேர்தான் பதில் சொன்னார்கள் என்று தெரியாமல் அந்த 25 பேரின் எண்ணைப் படிக்க முடியாது. கட்டாயம் வாங்குங்கள்.

3. கேள்வியைக் கேட்கும் விதம், அதற்கு ஆகும் செலவு

மூன்று வழி இருக்கிறது: கவுண்டரில் தாள் துண்டு, கியூஆர் குறியீட்டில் திறக்கும் கூகுள் படிவம், வாங்கியவரின் கைபேசிக்கு எஸ்எம்எஸ். எதை எடுத்தாலும் எல்லாக் கிளைக்கும் ஒரே வழியாக இருக்கட்டும். ஆள் பக்கத்தில் நிற்கும்போது நம் சனம் முகத்துக்கு நேரே குறைவாகப் போடத் தயங்கும். வீட்டில் இருந்து கைபேசியில் போடும்போது அந்தத் தயக்கம் இருக்காது. களுவாஞ்சிகுடியில் தாள், கல்முனையில் எஸ்எம்எஸ் என்று வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு கிளைகளை அல்ல, கேட்ட இரண்டு விதங்களைத்தான். நடு வருடத்தில் தாளிலிருந்து எஸ்எம்எஸ்ஸுக்கு மாறினாலும் இதே கதை. வரைபடத்தில் அந்த மாதத்தில் ஒரு கோடு போட்டு "முறை மாறியது" என்று எழுதிவிடுங்கள்.

தாள்தான் செலவு குறைந்தது. ஒரு ஏ4 தாளில் நான்கு துண்டு அடிக்கலாம், ஆக 100 துண்டுக்கு 25 போட்டோ கொப்பி. 0 முதல் 10 வரை எண்களை ஒரே வரியில் அச்சடித்து வட்டமிடச் சொல்லுங்கள். கையால் எழுதச் சொன்னால் 1ஆ 10ஆ என்று பிறகு நீங்கள்தான் தலையைச் சொறிய வேண்டும். 0க்குக் கீழே "சொல்லவே மாட்டேன்", 10க்குக் கீழே "கட்டாயம் சொல்வேன்" என்று மட்டும் எழுதுங்கள். சிவப்பு, பச்சை நிறமோ சிரிக்கும் முகமோ வேண்டாம், அவை ஆட்களைப் பச்சைப் பக்கம் இழுக்கும். நிரப்பிய துண்டைப் பூட்டிய பெட்டியில் போட வையுங்கள். "ஒரு பத்து போட்டுட்டுப் போங்க அண்ணா" என்று விற்றவரே சொல்லும் இடத்தில் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

கூகுள் படிவம் இலவசம். அதில் நேர்கோட்டு அளவு முதலில் 1 முதல் 5 என்றுதான் இருக்கும், அதை 0 முதல் 10 என்று மாற்ற மறக்க வேண்டாம். 1இல் தொடங்கும் அளவோடு ஒரு மாதம் சேகரித்தால் அதைப் பிறகு திருத்த வழியில்லை. கிளையின் பெயரை வாடிக்கையாளர் தெரிவுசெய்ய விடாதீர்கள். படிவத்தின் Get pre-filled link என்ற வசதியால் கிளை முன்கூட்டியே நிரப்பப்பட்ட இணைப்பை எடுத்து, கிளைக்கு ஒரு கியூஆர் அச்சடியுங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்பும்போது செலவில் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் அனுப்பினால் அது 70 ஆகிவிடும். 70ஐத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் காசு எடுப்பார்கள். புள்ளியும் கொம்பும் காலும் தனி எழுத்தாகவே எண்ணப்படும். "மட்டக்களப்பு" நம் கண்ணுக்கு 8 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் 12. வணக்கம், நன்றி, கடைப் பெயர், இணைப்பு எல்லாம் சேர்த்து எழுதினால் மூன்று துண்டு ஆகிவிடும். விலை கேட்கும்போது "ஒரு எஸ்எம்எஸ் எவ்வளவு" என்று கேட்காமல், உங்கள் செய்தியை அப்படியே அனுப்பி "இது எத்தனை துண்டாகப் போகும்" என்று கேளுங்கள்.

தாள் துண்டில் அடையாள அட்டை இலக்கம், முகவரி எதுவும் வாங்க வேண்டாம். திரும்ப அழைக்கச் சம்மதிப்பவர்கள் மட்டும் தொலைபேசி இலக்கம் எழுத ஒரு கோடு போதும்.

4. பதிவு செய்யும் ஷீட்

என்னை அதிகம் அலைக்கழித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் போகிறேன். கூகுள் ஷீட்ஸில் `data` என்ற ஒரு ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு பதில். A நிரலில் கடைக்கு வந்த திகதி, Bயில் கிளைக் குறியீடு, Cயில் மதிப்பெண், Dயில் காரணம். E நிரலில் மாதத்தை எண்ணாக எடுக்க இந்தச் சூத்திரம்:

```
=YEAR(A2)*100+MONTH(A2)
```

2024 செப்டெம்பர் என்றால் 202409 என்று வரும்.

கிளையின் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்ய விடாதீர்கள். நம் பக்கத்துக் காரியாலயங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். திரையில் "கல்முனை" என்று தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துக்கள். யூனிகோடிலும் "கொ" என்பதை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் அடிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். கொக்கட்டிச்சோலையில் கிளை இருந்தால் அதன் பாதிப் பதில்கள் காணாமல் போவது இப்படித்தான். அதற்காகத்தான் குறியீடு: BT, KL, KM என்று இரண்டு எழுத்து வைத்து, அதையும் கீழிறங்கு பட்டியலில் இருந்து மட்டும் தெரிவுசெய்ய வையுங்கள்.

அடுத்தது திகதி. ஷீட்டின் அமைப்பு United States என்று இருந்தால் 03/09/2024 என்று நீங்கள் அடிப்பதை அது மார்ச் 9 என்று எடுத்துக்கொள்ளும். 25/09/2024 என்று அடித்தால் 25ஆம் மாதம் இல்லையே, ஆகவே அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும், E நிரலில் பிழை காட்டும். பிழை காட்டுவது நல்லது, நீங்கள் பார்த்துத் திருத்திவிடுவீர்கள். மாதத்தின் முதல் 12 நாட்களின் பதில்கள்தான் சத்தமில்லாமல் வேறு மாதங்களுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். தரவு போட முன்னரே File, Settings, Locale என்று போய் United Kingdom ஆக்குங்கள். ஏற்கெனவே பிழையாக ஏறிய திகதிகளை இந்த மாற்றம் திருத்தாது. 2024-09-03 என்ற வடிவில் அடித்தால் எந்த அமைப்பிலும் குழப்பமில்லை.

மூன்றாவது, மதிப்பெண். வெற்றுத் துண்டு வந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். 0 போட்டால் அவர் டிட்ராக்டர் ஆகிவிடுவார். வேறு இடத்திலிருந்து ஒட்டும்போது 9 என்பது எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்து விழலாம், கீழே வரும் சூத்திரம் அதை எண்ணாது. இதைச் சோதிக்க ஒரு வரி போதும்:

```
=COUNTA(data!C2:C5000)-COUNT(data!C2:C5000)
```

விடை 0 வர வேண்டும். 3 என்று வந்தால் மூன்று மதிப்பெண் எழுத்தாக ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

5. கிளை வாரியான கணக்கு

`summary` என்ற இன்னொரு ஷீட்டில் A நிரலில் கிளைக் குறியீடு, Bயில் மாத எண். பிறகு மொத்தம், புரோமோட்டர், டிட்ராக்டர், என்.பி.எஸ். என்ற வரிசையில்:

```
C2: =COUNTIFS(data!B:B,A2,data!E:E,B2,data!C:C,">=0",data!C:C,"<=10")
D2: =COUNTIFS(data!B:B,A2,data!E:E,B2,data!C:C,">=9",data!C:C,"<=10")
E2: =COUNTIFS(data!B:B,A2,data!E:E,B2,data!C:C,">=0",data!C:C,"<=6")
F2: =IF(C2=0,"",ROUND(100*(D2-E2)/C2,0))
```

இப்போது ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம். மட்டக்களப்பு நகரக் கிளையில் 120 பதில், 66 புரோமோட்டர், 24 டிட்ராக்டர்: +35. களுவாஞ்சிகுடியில் 25 பதில், 19 புரோமோட்டர், 2 டிட்ராக்டர்: +68. கல்முனையில் 60 பதில், 27 புரோமோட்டர், 18 டிட்ராக்டர்: +15.

நிறுவனம் முழுவதுக்கும் ஒரு எண் கேட்பார்கள். 35, 68, 15 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் +39. இது பிழை. ஆட்களைக் கூட்ட வேண்டும்: மொத்தம் 205 பதில், 112 புரோமோட்டர், 44 டிட்ராக்டர். 68ஐ 205ஆல் வகுத்தால் +33. முதல் கணக்கில் களுவாஞ்சிகுடியின் 25 பேருக்கும் நகரத்தின் 120 பேருக்கும் ஒரே எடை கிடைத்துவிடுகிறது, அந்த ஆறு புள்ளி வந்தது அங்கிருந்துதான். அதனால் கிளைகளிலிருந்து என்.பி.எஸ். எண்ணை மட்டும் வாங்காதீர்கள். மொத்தம், புரோமோட்டர், டிட்ராக்டர் என்ற மூன்று எண்ணிக்கையும் வேண்டும். அவை இருந்தால் எந்தக் கூட்டலையும் பிறகு போடலாம்.

6. எண் எவ்வளவு ஆடும்

களுவாஞ்சிகுடியில் 25 பேரில் ஒரே ஒருவர் 9க்குப் பதிலாக 6 போட்டிருந்தால் என்ன ஆகும்? புரோமோட்டரில் ஒன்று குறையும், டிட்ராக்டரில் ஒன்று கூடும், ஸ்கோர் 68இலிருந்து 60க்கு இறங்கும். ஒரு ஆள், எட்டுப் புள்ளி. அந்த மனிதர் வெயிலில் வந்து பத்து நிமிடம் காத்திருந்த கோபத்தில் போட்டதாகவும் இருக்கலாம். இந்த ஆட்டத்தை அளக்க ஒரு சூத்திரம் இருக்கிறது, H நிரலில் போடுங்கள்:

```
H2: =IF(C2=0,"",ROUND(196*SQRT((D2+E2)/C2-((D2-E2)/C2)^2)/SQRT(C2),0))
```

இது 95 வீத நம்பிக்கையில் கூடுதல் குறைவு எவ்வளவு என்று சொல்லும். மட்டக்களப்புக்கு ±14, கல்முனைக்கு ±22, களுவாஞ்சிகுடிக்கு ±24 வரும். அதாவது களுவாஞ்சிகுடியின் உண்மை நிலை 44இலும் இருக்கலாம், 92இலும் இருக்கலாம். நகரக் கிளையும் கல்முனையும் 20 புள்ளி தள்ளி நின்றாலும், இந்த ஒரு மாதத்தை மட்டும் வைத்துக் "கல்முனை மோசம்" என்று அடித்துச் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து பதில் மட்டும் உள்ள கிளையில் இந்தச் சூத்திரமும் நம்பகமாக இராது. நான் 30 பதிலுக்குக் குறைந்த மாதத்துக்கு ஸ்கோரைச் சாம்பல் நிறத்தில் போட்டு, பக்கத்தில் எண்ணிக்கையை எழுதிவிடுவேன். 30 என்பது சட்டமல்ல, என் தீர்மானம்.

7. மாதப் போக்கு

களுவாஞ்சிகுடியைத் தொடர்ந்து பாருங்கள். செப்டெம்பர் +68. ஒக்டோபரில் 22 பதில், 12 புரோமோட்டர், 5 டிட்ராக்டர்: +32. நவம்பரில் மழை தொடங்கி ஆள் வரத்துக் குறைந்து 18 பதில், 11க்கு 2: +50. டிசம்பரில் 21 பதில், 13க்கு 3: +48. ஒக்டோபர் அறிக்கை போன அன்றே "36 புள்ளி விழுந்துவிட்டது, என்ன நடந்தது?" என்று முகாமையாளருக்கு அழைப்பு வரும். அவரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

அந்த வீழ்ச்சி உண்மைதானா என்று முதலில் பார்க்கலாம். செப்டெம்பருக்கு ±24, ஒக்டோபருக்கு ±34. இரண்டையும் தனித்தனியாக வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 42. இரண்டு மாதத்துக்கும் இடையிலான வித்தியாசம் 42ஐத் தாண்டினால்தான் பேச இடமுண்டு. 36 அதற்குள் அடங்கிவிடுகிறது. முகாமையாளரை அழைக்கத் தேவையே இல்லை.

சின்னக் கிளைக்கு மூன்று மாதத்தைச் சேர்த்துப் போடுவதுதான் சரி. ஒரு கிளையின் மாதங்கள் அடுத்தடுத்த வரியில் இருந்தால்:

```
G4: =IF(SUM(C2:C4)=0,"",ROUND(100*(SUM(D2:D4)-SUM(E2:E4))/SUM(C2:C4),0))
```

இங்கும் ஸ்கோர்களின் சராசரி எடுக்கவில்லை, ஆட்களைத்தான் கூட்டுகிறோம். ஒவ்வொரு கிளைக்கும் முதல் இரண்டு மாதத்தை வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் மேலே உள்ள கிளையின் ஆட்கள் இதற்குள் வந்துவிடுவார்கள். செப்டெம்பர் முதல் நவம்பர் வரை 65 பதிலில் +51 வருகிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை 61 பதிலில் +43. எட்டுப் புள்ளி இறங்கியது டிசம்பரில் ஏதோ கெட்டதால் அல்ல, நல்ல செப்டெம்பர் கணக்கிலிருந்து வெளியே போனதால். மூன்று மாதக் கோடு அசையும்போது உள்ளே வந்த மாதத்தையும் வெளியே போன மாதத்தையும் சேர்த்தே பாருங்கள்.

வரைபடத்தில் எல்லாக் கிளைக்கும் நிலைக்குத்து அச்சு ஒரே அளவாக இருக்கட்டும். ஷீட் தானாகவே அச்சைச் சுருக்கினால் நான்கு புள்ளி மாற்றம்கூட மலைபோலத் தெரியும். கோட்டுக்குக் கீழே புரோமோட்டர், பெசிவ், டிட்ராக்டர் மூன்றையும் அடுக்குப் பட்டையாகக் காட்டுங்கள். 50 வீதம் புரோமோட்டர், 20 வீதம் டிட்ராக்டர் உள்ள கிளையும் +30. 30 வீதம் புரோமோட்டர், ஒரு டிட்ராக்டரும் இல்லாத கிளையும் +30. முதல் கிளையில் ஐந்தில் ஒருவர் மனக்குறையோடு போகிறார், இரண்டாவதில் பெரும்பாலானோர் பரவாயில்லை என்று போகிறார்கள். செய்ய வேண்டிய வேலை இரண்டிலும் வேறு.

வெள்ளம், நோன்பு மாதம், சித்திரைப் புத்தாண்டு வியாபாரம், ஹர்த்தால் நாட்கள் எல்லாவற்றையும் வரைபடத்தின் அடியில் குறித்து வையுங்கள். நோன்பு ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்வதால், போன வருட ஏப்ரலையும் இந்த வருட ஏப்ரலையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட முடியாது.

8. டிட்ராக்டர் துண்டுகளைப் பிரிப்பது

கல்முனையின் 18 டிட்ராக்டர் துண்டுகளையும் மேசையில் பரப்பிக் காரணத்தின்படி அடுக்குங்கள். 11 துண்டில் "சொன்ன நாளில் சாமான் வரவில்லை", 4இல் "கட்டின காசு தவணைப் புத்தகத்தில் பதியவில்லை", 3இல் காரணமே இல்லை என்று வந்தால், லொறி ஓட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இலக்கம் கொடுத்தவர்களை இரண்டு மூன்று நாளுக்குள் அழையுங்கள். விற்றவர் அழைக்கக்கூடாது. அழைக்கும்போது மதிப்பெண்ணை மாற்றச் சொல்லிக் கேட்கக்கூடாது, ஷீட்டிலும் மாற்றக்கூடாது.

ஸ்கோரை வைத்துக் கிளைக்குப் போனஸ் கொடுக்கும் யோசனை வந்தால் எதிர்த்துப் பேசுங்கள். அடுத்த மாதமே கோபக்கார வாடிக்கையாளருக்குத் துண்டு கொடுக்காமல் விடுவார்கள். பில் எண்ணிக்கை குறையாமல் பதில் மட்டும் குறைந்து ஸ்கோர் ஏறினால், இதுதான் நடக்கிறது என்று சந்தேகப்படலாம்.

9. மாத அட்டவணை

எஸ்எம்எஸ் பதில் பிந்தி வரும். 30ஆம் திகதி வாங்கியவர் 3ஆம் திகதி பதில் போட்டால் அது வாங்கிய மாதத்துக்கே சேரும், A நிரலில் கடைக்கு வந்த திகதியைப் போடச் சொன்னது அதற்காகத்தான். நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது: 7ஆம் திகதி மாலையோடு போன மாதக் கணக்கை மூடுவது, 8ஆம் திகதி COUNTA சோதனையும் திகதிச் சோதனையும், 9ஆம் திகதி காரணங்களைப் பிரிப்பது, 10ஆம் திகதி அறிக்கை. மூடிய பிறகு வரும் பதிலை ஷீட்டில் சேர்க்கலாம், ஆனால் அனுப்பிய அறிக்கையின் எண்ணை மாற்றுவதில்லை. அறிக்கையில் ஒரு கிளைக்கு ஒரு வரி, இப்படி: "கல்முனை, செப்டெம்பர்: +15 (±22), 60 பதில், 27 புரோமோட்டர், 18 டிட்ராக்டர், முதல் காரணம் டெலிவரி தாமதம்." மூன்று மாதம் சேர்ந்ததும் அதே வரியில் மூன்று மாத ஸ்கோரையும் சேர்த்து அனுப்புங்கள்.